பொலிஷுக்குக் கீழே இருந்த பந்து

எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் யாராவது ஒருத்தி பந்துப் பையை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த பயிற்சிக்கு எல்லாப் பந்துகளுக்கும் சிவப்புப் பொலிஷ் பூசித் தேய்த்துக்கொண்டு வரவேண்டும். சப்பாத்துப் பொலிஷ் அல்ல, சீமெந்து நிலத்துக்குப் பூசுகிற பொலிஷ். திருகோணமலையில் சிவப்பு நிலம் போட்ட வீடுகளுக்குக் குறைவில்லை. எந்த வீட்டுக் குசினியைத் திறந்தாலும் ஒரு டின் கிடக்கும். பிச்சில் விரிக்கும் கயிற்றுப் பாயில், மட்டிங்கில், அடிபட்டுத் தோல் உரிந்த பந்துகள் அடுத்த ஞாயிறு கலியாண வீட்டுக்குப் புறப்பட்டவை மாதிரிப் பளபளவென்று வந்து இறங்கும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அந்தப் பளபளப்பு ஒருத்தியின் ஆட்டத்தையே கிட்டத்தட்டத் தின்றுவிட்டது.

எங்களுடையது லெதர் பந்தில் விளையாடும் பெண்கள் அணி. பாடசாலைப் பிள்ளைகள் இல்லை, எல்லாரும் வேலைவெட்டிக்காரிகள். கப்டன் வங்கியில் இருக்கிறாள். இரண்டு பேர் தாதிமார். ஒருத்தி தம்பலகாமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள், யானை மறித்தால் பிந்தி வருவாள். நான் விக்கெட் கீப்பர். துறைமுக வீதியில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை. பகலில் நானும் கணவருமாகப் பார்த்துக்கொள்கிறோம். முழங்கால் இரண்டும் முறையிடத் தொடங்கிய வயதில் எதற்கு இந்தக் குந்தல் என்று அவர் கேட்பார். வீட்டில் குந்தி இருந்து தேங்காய் திருவும்போது வராத முழங்கால் நோவு மைதானத்தில் மட்டும் ஏன் வரவேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதோடு அந்தக் கதை முடியும்.

இது எங்கள் வேகப்பந்து வீச்சாளரைப் பற்றியது. கிண்ணியாக்காரி. ஆளைப் பார்த்தால் ஒரு ஊதலுக்குத் தாங்கமாட்டாள் போலிருக்கும். ஆனால் பந்தின் தையலை நேராக நிறுத்தி அவள் விடும் பந்து, விழுந்த இடத்திலிருந்து வெளியே திரும்பி மட்டையை உரசிக்கொண்டு என் கைக்கு வரும். கீப்பராக நிற்பவளுக்கு அதைவிடப் பெரிய சந்தோசம் இல்லை. கலியாணத்துக்குப் பிறகும் விட்டுவிடாமல் விளையாடினாள். பிள்ளை பிறந்து, பாலும் தூக்கமும் ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகு திரும்பி வந்தாள். வந்த பிறகுதான் பிரச்சினை.

பந்து எங்கே விழும் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்று பாதிப் பிச்சில் குத்தி எழும்பும். அடுத்தது மட்டைக்காரியின் காலடிக்கே போய் விழும். அதற்கடுத்தது லெக் பக்கமாகப் போக, நான் பாய்ந்து மண்ணில் உருளுவேன். எங்கள் மைதானத்தில் காலையில் மான்கள் மேயும்; அவை கூட அவள் ஓடி வரத் தொடங்கினால் விலகி நிற்கின்றன என்று ஒருத்தி பகிடி விட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் பந்தை எடுக்கக் குனிந்தவள் நிமிர நேரம் எடுத்தாள். எனக்கு அந்தப் பகிடிக்காரியின் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போலிருந்தது.

காரணங்களுக்கும் குறைவில்லை. முதலில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றைச் சொன்னார்கள். அது வீசும் மாதங்களில் எங்கள் ஊரில் காற்று காய்ச்சல்காரனின் மூச்சு மாதிரி வீசும் என்பது உண்மைதான். காற்று ஓய்ந்த நாளிலும் பந்து அப்படியே போனது. பிறகு நித்திரை குறைவு என்றார்கள். கடைசியாகக் கப்டனே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அக்கா, பிள்ளை பெத்த உடம்பு. முந்தி மாதிரி வராது. வாற ஞாயிறு பயிற்சி முடிய நான் மாகாணப் போட்டிக்குப் பேர் குடுக்கோணும். அவளுக்குப் பதிலா வேற ஒருத்தியைப் போடுவம் எண்டு நினைக்கிறன்.”

“நானும் ரெண்டு பெத்தனான்,” என்றேன். “நான் குந்தி எழும்பேல்லையோ?”

“நீங்கள் பந்து போடுறேல்லையே, அக்கா.”

கப்டன் கெட்டவள் அல்ல. கணக்குச் சரியாக வரவேண்டும் என்று நினைக்கிறவள், அவ்வளவுதான். ஆனால் அந்த “பிள்ளை பெத்த உடம்பு” என்ற சொல் எனக்குள் போய் முள்ளாக நின்றது. சாமான் இறக்க ஆள் வராத நாளில் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கி வைக்கிறதும் அதே உடம்புதான்.

கிண்ணியாக்காரிக்கு இது வெறும் ஒரு போட்டி இல்லை. அவளுடைய வீட்டில் ஒரு உடன்பாடு. இந்த மாகாணப் போட்டிக்கு மட்டும் முயன்று பார்க்கட்டும், அணியில் எடுத்தால் மேற்கொண்டு யோசிப்போம், எடுக்காவிட்டால் கிரிக்கெட்டை விட்டுவிட வேண்டும் என்று. அவளே அதற்கு ஓம் என்று சொல்லியிருந்தாள். பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது என்னிடம் சொன்னாள்.

“அக்கா, எனக்குக் கை மறந்து போச்சு போல இரிக்கு. அதே ஓட்டம்தான் ஓடுறன், அதே மாதிரித்தான் விடுறன். பந்து வேற எங்கேயோ போகுது. வாற கிழமையோட விட்டிர்றன். எல்லாருக்கும் கரைச்சல் குடுக்க ஏலா.”

“விடுறதெண்டா நான் சொல்லேக்க விடு. இப்ப பஸ்ஸைப் பிடி,” என்றேன். அவள் ஏறிப்போன பிறகு எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். அன்றைக்கும் வந்தது. யாரில் கோபம் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த நாள் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது என் வலது உள்ளங்கை நொந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கீப்பரின் கை நோவது புதினமில்லை. புதினம் என்னவென்றால், அவளுடைய எல்லாப் பந்துகளும் நோகவில்லை. சில பந்துகள் க்ளவுசுக்குள் வந்து தானாகக் குந்தின. சில பந்துகள் சுத்தியலால் அடித்த மாதிரி எலும்பில் இறங்கின. போட்டவள் ஒருத்திதான், வேகமும் ஒன்றுதான். அப்படியென்றால் ஆள் மாறவில்லை, வேறு ஏதோ மாறுகிறது. பருப்பை அப்படியே விட்டுவிட்டு தாதிமாரில் ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன். இந்தக் கிழமை பொலிஷ் பூசும் முறை அவளுடையது. பந்துப் பையைக் கேட்டேன். வேலை மிச்சம் என்று சந்தோசமாகத் தந்தாள்.

வெங்காயம் வருகிற வலைப் பைதான் எங்கள் பந்துப் பை. கடைக்குப் பின்னால் சீமெந்துத் தளத்தில் கொட்டினேன். எல்லாம் ஒரே சிவப்பு. ஒரே வயிற்றில் பிறந்தவை மாதிரி இருந்தன. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து நகத்தால் வருடினேன். நடுவில் சுற்றி ஓடும் ஆறு வரிசைத் தையல் எல்லாவற்றிலும் இருந்தது. ஆனால் சில பந்துகளில், தையலுக்கு ஒரு பக்கத்துத் தோலில், நகம் எதிலோ தடக்கியது. மயிரிழை மாதிரி ஒரு கோடு. மறுபக்கத்திலும் அப்படி ஒரு கோடு, ஆனால் முதல் கோட்டுக்குக் குறுக்காக. வேறு சில பந்துகளில் அந்தக் கோடே இல்லை. தோல் இரண்டு பாதிச் சிரட்டையாக வழுவழுவென்று இருந்தது.

இது எனக்குப் புதிது அல்ல, மறந்திருந்த விசயம். கோடு உள்ளது நான்கு துண்டுப் பந்து. பாதிக்கு இரண்டு துண்டாகத் தோலை உள்பக்கமாகத் தைத்துச் சேர்ப்பார்கள், அதனால் நூல் வெளியே தெரியாது. கோடு இல்லாதது இரண்டு துண்டுப் பந்து. அது மலிவு, அடிபட அடிபடச் சீக்கிரம் வடிவம் கெடும். இவ்வளவும் தெரிந்தும் பொலிஷ் பூசிய பந்தை இத்தனை காலம் பழம் எடுக்கிற மாதிரிக் கைக்கு வந்ததை எடுத்திருக்கிறோம்.

உடனே நான் முடிவுக்கு வந்துவிட்டேன். கோடு உள்ளதெல்லாம் பெண்கள் போட்டியில் கிடைத்த நல்ல பந்து, கோடு இல்லாததெல்லாம் ஆண்களின் கழகத்தார் தள்ளிவிட்ட பந்து என்று இரண்டு குவியலாகப் பிரித்தேன். எங்களுக்குப் பந்து வருவது அந்த இரண்டு வழியால்தான். போட்டி முடிந்தால் விளையாடிய பந்தை வைத்திருக்கச் சொல்வார்கள். மற்றபடி ஆண்கள் பாவித்து முடித்ததைத் தருவார்கள்; கிண்ணியாக்காரி பிள்ளைப்பேற்றுக்குப் போன காலத்தில்தான் தரத் தொடங்கினார்கள். குவியலைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டேன். கணவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன, மங்குஸ்தான் வியாபாரமோ?”

“பகிடியை விட்டிட்டு மண்ணெண்ணெய்யை எடுத்துக்கொண்டு வாங்கோ.”

மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் தேய்க்கத் தேய்க்கப் பொலிஷ் இரத்தம் மாதிரி இறங்கியது. அதற்குக் கீழே அழுத்திய முத்திரைகள் இருந்தன. பொன்னிறம் எப்போதோ போய்விட்டது. எழுத்தின் பள்ளம் மட்டும் இருந்தது, அதையும் பொலிஷ் நிரப்பி மூடியிருந்தது. வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால் வாசிக்கலாம். ஒன்றில் 142 கிராம். ஒன்றில் 156. பெண்களின் பந்து சின்னது, பாரம் குறைந்தது, ஆண்களுடையது 156. இரண்டையும் ஒரே பைக்குள் போட்டு, ஒரே நிறம் பூசி, அதை அவளுடைய கையில் மாறி மாறிக் கொடுத்திருக்கிறோம்.

என் குவியலும் பிழையாகிப் போனது. கோடு உள்ள குவியலிலேயே ஒரு பந்து 156 என்றது. கோடு இல்லாத ஒன்று 142 என்றது. கோடு பந்தின் செய்கையைத்தான் சொல்லும், பாரத்தைச் சொல்லாது. என் கெட்டித்தனம் அவ்வளவுதான். திரும்பப் பிரித்தேன்.

முத்திரை அழிந்தவற்றுக்குத் தையல் நூலைப் பந்தைச் சுற்றிப் பிடித்துச் சுற்றளவு பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் கடைத் தராசில் வைத்தேன். 142 என்று முத்திரை இருந்த ஒன்று கிட்டத்தட்ட ஆண்களின் பந்தளவு பாரம் காட்டியது. மழையில் நனைந்து, பொலிஷ் குடித்து ஊதிப் போயிருந்தது. முத்திரை சொல்வது பந்து பிறந்த நாளின் பாரம்; இன்றைய பாரத்தைத் தராசுதான் சொல்லும். அதையும் தள்ளி வைத்தேன்.

பிறகு தையல். ஆறு வரிசையில் நடுவில் உள்ள இரண்டும்தான் எங்களுக்கு வருகிற பந்துகளில் இரண்டு பாதியையும் கட்டிப் பிடிப்பவை. வெளி நான்கும் விரலுக்குப் பிடி கொடுக்க. வெளி நூல் மட்டும் அறுந்த பந்தை வைத்து இன்னும் வேலை வாங்கலாம். நடுநூல் தளர்ந்து நகம் உள்ளே போனால் அதைப் பயிற்சிக்கு எடுக்கவே கூடாது. அப்படி ஒன்று இருந்தது, அதைக் குப்பையில் போட்டேன். மிச்சத்தைத் தளத்தில் உருட்டிப் பார்த்தேன். நல்லது நேரே ஓடியது. கெட்டது கள்ளுக் குடித்தவன் மாதிரித் தள்ளாடி ஒரு பக்கமாகச் சரிந்தது.

கடைசியில் வேகப்பந்துக்காரியின் கையில் கொடுக்கக்கூடியதாக இரண்டே இரண்டு மிஞ்சின. நான்கு துண்டு, 142, தராசும் ஒத்துக்கொண்டது, தையல் நிமிர்ந்து நின்றது. நூல் வரிசைகளுக்கு இடையில் அடைந்திருந்த பொலிஷைத் தீக்குச்சியால் கிண்டி எடுத்தேன். அப்போதுதான் விரலுக்கு நூல் கடித்தது. இத்தனை நாளும் அவளுடைய விரல் சவர்க்காரத்தில் போல வழுக்கியிருக்கிறது. நான் அந்த இடத்திலேயே கப்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அக்கா, பந்தில பழி போடாதேங்கோ,” என்றாள் அவள். “மற்றவையும் அந்தப் பந்தைத்தானே போடுகினம்?”

“மற்றவை மெதுவாப் போடுறவை. தூக்கி விடுறவைக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன விழுந்தாலும் தெரியாது. இவள் தையலை நம்பிப் போடுறவள். ஒருக்காப் பாரம், ஒருக்கா லேசு எண்டு குடுத்தா விடுற இடம் எப்பிடிச் சரி வரும்?”

“ஒரு பந்துக்கு என்ன, பதினாலு கிராம் வித்தியாசம்.”

“உங்கட வங்கியில பதினாலு ரூபா வித்தியாசம் வந்தா வீட்டுக்குப் போக விடுவினமோ?”

ஞாயிறு பார்ப்போம் என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை கிண்ணியாக்காரி அணி தந்த சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்கிற மனதோடு வந்திருந்தாள். அவளை மதிலோரம் இருத்தி, இரண்டு பந்தை அவளுடைய இரண்டு கையிலும் வைத்தேன். ஒன்று அந்த நல்ல 142. மற்றது 156, இரண்டு துண்டு. கண்ணை மூடச் சொன்னேன். அவள் விரல்கள் தையலில் நடந்தன, தோலில் கோட்டைத் தேடின, இரண்டு பந்தையும் ஒரு தடவை ஏந்திப் பார்த்தன. கண்ணைத் திறந்தபோது அவள் சிரிக்கவில்லை. நல்ல கோபம்.

“அப்ப, அக்கா, நான் கெட்டுப் போகல்லையா?”

“நீ கெடேல்லை.”

“இத்தனை கிழமையா எல்லாரும் என்ட உடம்பைச் சொன்னாங்க. நானும் நம்பினன். என்ட பிள்ளையில கூட ஒருநாள் எரிஞ்சு விழுந்தன், அக்கா.” பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு எழுந்தாள். “ஒருத்தருக்கும் விளக்கம் குடுக்க வேணாம். பந்தை மட்டும் தாங்க.”

கப்டன் தானே மட்டையோடு வந்து நின்றாள். நல்லது, ஏனென்றால் எங்களில் சிறந்த மட்டைக்காரி அவள்தான். பந்து விழவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை மட்டிங்கில் வைத்தேன். கச்சான் அன்றைக்கும் வீசியது. அவள் ஓடி வந்தாள்.

முதல் பந்து துணிக்கு முன்னாலே விழுந்தது. இரண்டாவது துணியின் விளிம்பில். மூன்றாவது துணிமேல் விழுந்து, நேரே போவதுபோல் போக்குக் காட்டி, வெளியே திரும்பியது. கப்டனின் மட்டை காற்றை வெட்டியது. பந்து என் க்ளவுசுக்குள் வந்து குந்தியது, நோவே இல்லை. அதற்குப் பிறகு நான் மண்ணில் உருள வேண்டிய தேவை வரவில்லை. ஒன்று மட்டை விளிம்பை உரசி வந்தது. நான் பிடித்துக்கொண்டு போட்ட கத்தலில் மான்கள் எழும்பிக் கோயில் வீதிப் பக்கம் ஓடின.

கப்டன் ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்தாள். ஆனால் கணக்குக்காரிக்கு ஒரு தடவை சரிவந்தால் போதாது, திருப்பிச் சரிபார்க்க வேண்டும். நான் பந்துகளைப் பிரித்து வைத்திருந்த பெட்டிப் பக்கம் நடந்து போனாள். பழைய பொலிஷ் இன்னும் முழுதாகப் போகாத ஒரு பந்தை எடுத்து, மறுமுனையில் நின்ற கிண்ணியாக்காரிக்கு எறிந்தாள். “இதையும் ஒருக்காப் போடுங்கோ.”

நான் வாய் திறக்கப் போனேன். ஆனால் இதைப் பந்து போடுகிறவள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கிண்ணியாக்காரி பந்தைப் பிடித்தாள். ஓட்டத்தைத் தொடங்க அடையாளம் வரைக்கும் போனவள் நின்றாள். பெருவிரல் நகம் தோலில் ஒரு பக்கம் போனது, பிறகு மறுபக்கம் போனது. ஒரு தடவை கையில் ஏந்திப் பார்த்தாள். பிறகு அத்தனை தூரமும் நடந்து வந்து, பந்தைக் கப்டனின் உள்ளங்கையில் வைத்தாள்.

“இது ஆம்பிளையள்ர பந்து,” என்றாள். “எங்கட பந்தைத் தாங்க. போடுறன்.”

கப்டன் பந்தைப் பார்த்தாள். தன் நகத்தால் வருடினாள். அவளுக்குக் கோடு அகப்படவில்லை, ஏனென்றால் அதில் கோடு இல்லை. அதை நிலத்தில் உருட்டிப் பொறுக்கும் பயிற்சிக்கென்று நான் வைத்திருந்த வாளிக்குள் போட்டாள். பிறகு என்னிடம் கையை நீட்டி நல்ல பந்தை வாங்கி, அவளுடைய கையில் தானே கொடுத்தாள்.

“தாறன்,” என்றாள். “அங்கயும் இதையே கேட்டு வாங்குங்கோ. மாகாணத்திலயும் ஆராவது பொலிஷ் பூசிக்கொண்டு வருவினம்.”

கிண்ணியாக்காரி தலையாட்டிவிட்டுத் தன் அடையாளத்துக்குத் திரும்பி நடந்தாள். நான் விக்கெட்டுக்குப் பின்னால் போய்க் குந்தினேன். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. நான் அவற்றைக் கவனிக்கவில்லை.